வெம்மையை மெய்யால் உணர்த்தல்: கலித்தொகைப் பாடலொன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலும்

பாலைத்திணைப் பாடல்களில் வெம்மை எவ்வாறு சொல்லப்படுகிறது என்று மாணவரிடம் வினவினால், ‘மிகக் கடுமையாகச் சொல்லப்படுகிறது’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை பிழையன்று, ஆயினும் அஃது எதனையும் விளக்கவில்லை. கடுமை என்பது படித்து முடித்த நம் மனத்தில் எஞ்சும் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு நம்மைக் கொண்டு சேர்த்தது எது என்பதே வினா. அடைமொழிகளா, உவமைகளா, அன்றி வேறொன்றா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஒரே பாடலை எடுத்துக்கொண்டு சற்று நிதானமாக நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பாடல் கலித்தொகையின் பதினோராம் பாடல், பாலைக்கலியுள் அமைந்தது, பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பெயரில் வழங்குவது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றிய பின்னரே நம்மனோர் கைக்கு எளிதில் கிட்டிய பாடல்களுள் இதுவும் ஒன்று.

பாடலின் சூழல் எளியது. பொருள் தேடப் பிரிந்து சென்றுவிட்டான் தலைவன். அவன் வருவானோ என்று தோழி கலங்குகிறாள். அல்லது அவள் கலங்குவதாகக் கருதித் தலைவி பேசுகிறாள். செல்லுமுன் தான் கடக்கவிருக்கும் காட்டைப்பற்றி அவன் தன்னிடம் என்னென்ன சொன்னான் என்பதைத் தலைவி நினைவுகூர்கிறாள். மும்முறை நினைவுகூர்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னவை இரண்டு கூறாக அமைகின்றன. முதற்கூறு காட்டின் வெம்மையைப் பற்றிய முடிபு. இரண்டாங்கூறு அக்காட்டில் காணப்படும் ஓர் உயிரின் செயல்.

முதற்கூறுகளை முதலில் பார்ப்போம். நடப்பவர் பாதம் பொறுக்கமாட்டாத அளவுக்கு நெருப்பையொத்த சூடு உடையது காடு என்கிறான். இலைகளெல்லாம் கருகிப் போன மரங்களால் துன்பம் தருவது என்கிறான். மலைமேல் மூங்கிலும் வாடும்படி கதிரவன் காய்வதால் நெருங்குவதற்கு அரியது என்கிறான். இவற்றை மட்டும் தனியே பிரித்து எழுதினால், வெயிலைப் பாடும் எத்தனையோ கவிதைகளுள் ஒன்றாகவே அது நிற்கும். நெருப்பு என்னும் உவமை உண்டு. அரியது, துன்பம் தருவது என்னும் தீர்ப்புகள் உண்டு. நமக்கோ வியர்க்கவில்லை.

இனி இரண்டாங்கூறுகளுக்கு வருவோம். அந்தக் காட்டிலே சிறிது நீர் தேங்கியிருக்கிறது. யானைக்கன்று ஒன்று அதில் இறங்கிக் கலக்கிவிட்டது. அந்தக் கலங்கல் நீரைப் பிடிக்கு முதலில் ஊட்டிவிட்டுப் பின்னரே களிறு உண்கிறது. அடுத்து, சோர்ந்து போன பேடையின் வருத்தத்தை ஆண்புறா தன் மெல்லிய சிறகால் ஆற்றுகிறது. அதற்கடுத்து, நிழலின்றி வருந்தும் பிணைமானுக்குக் கலைமான் தன் உடலின் நிழலையே கொடுக்கிறது. இவ்வளவே. இம்மூன்றிலும் ‘வெப்பம்’ என்னும் சொல்லோ அதன் பொருளுடைய பிறசொல்லோ இல்லை என்பது நோக்கத்தக்கது. இருப்பவை வாய், துதிக்கை, சிறகு, முதுகு, வயிறு. அதாவது உடல்கள்.

களிற்றின் காட்சியைச் சற்று விரித்துப் பார்த்தால் புலவர் செய்திருக்கும் கணக்குப் புலனாகும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் பருகும். யானைக்கு நகங்களை ஒட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் வியர்வைச் சுரப்பி இல்லை. தன் வெப்பத்தைத் தணிக்க அது காதுகளை அசைக்கவேண்டும், மேலே நீரும் சேறும் வாரியிறைத்துக்கொள்ளவேண்டும். எனவே கோடையில் யானைக்கு நீர் என்பது குடிப்பதற்கு மட்டுமன்று, மேனியில் பூசுவதற்கும் உரியது. இப்பாடலில் உள்ள நீர் எவ்வளவு? ஆழம் இத்தனை முழம் என்று புலவர் சொல்லவில்லை. கன்றின் கால் பட்டால் அடிவரை கலங்கிவிடும் அளவு என்று சொல்கிறார். கன்றின் பாதமே அளவுகோலாகிறது. பூசிக்கொள்ள வழியே இல்லை; குடிக்கவும் சேறு கலந்ததுதான் உண்டு; அதுவும் ஒருவர் முதலில் குடித்தால் மற்றவர்க்கு என்ன எஞ்சும் என்று எண்ணவேண்டிய அளவு. இத்தனையும் சேர்ந்துதான் களிறு பின்னே நின்று காத்திருக்கும் அந்த ஒரு கணத்துக்கு எடையைத் தருகின்றன. காத்திருக்கும் களிற்றின் தொண்டையைப் பற்றிப் புலவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனை நிரப்புவது நம் தொண்டை.

கலைமானின் காட்சி இதனினும் நுட்பமானது என்பது எம் கருத்து. தொல்காப்பியம் பாலைக்கு வகுத்த பொழுது நண்பகலும் வேனிலும். தமிழகத்தின் தென்பகுதியிலும் பழைய சேரநாட்டிலும் ஏப்ரல் மாதத்தின் நடுவிலும் பிற்பகுதியிலுமாகக் கதிரவன் நண்பகலில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். அவ்வேளையில் நிற்கும் விலங்கின் நிழல் நீண்டு விழாது. அதன் வயிற்றுக்குக் கீழேயே சுருண்டு கிடக்கும். ஆகவே அந்த நிழலில் பிணைக்கு இடம் வேண்டுமானால் அது கலையின் உடலை ஒட்டி, ஏறக்குறைய அதன் கீழே, ஒடுங்கவேண்டும். கலை செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: அசையாமல் வெயிலில் நிற்பது. அதன் முதுகு காய்வதைப் புலவர் எழுதவில்லை. நிழல் என்று எழுதிவிட்டார்; நிழலுக்கு மறுபக்கம் வெயில் இருந்தே ஆகவேண்டும்.

புறாவைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. கடுவெயிலில் பறவைகள் சிறகை உடலினின்று சற்று விலக்கிப் பிடித்து அடிப்பகுதியில் காற்றுப் படச் செய்வதைப் புறா வளர்ப்போர் அறிவர். புலவர் அத்தகைய ஒரு தோற்றத்தைக் கண்டு, அதனை இணைக்கு வீசும் விசிறியாகப் படித்திருக்கலாம். இயற்கையறிவு பாதி, அன்பு பாதி.

இங்கே ஒரு தடையை எதிர்கொள்ளவேண்டும். அடைமொழி கூடாது என்று கூறுகிறோமா? இல்லை. இப்பாடலின் சிறந்த பகுதிகளிலேயே அடைகள் உள்ளன. நீருக்குச் சிறுமை அடையாக வந்திருக்கிறது. சிறகுக்கு மென்மை வந்திருக்கிறது. ஆயின் இவ்வடைகள் செய்யும் தொழில் வேறு. ‘சிறிது’ என்பது அளக்கிறது. அந்த அளவு இல்லையேல் களிறு காத்திருப்பதற்குப் பொருளே இல்லை. ‘மென்மை’ என்பது தொடுகிறது. மாறாகக் ‘கொடிய’, ‘தாங்கொணாத’, ‘கடும்’ என்பன அளப்பதுமில்லை, தொடுவதுமில்லை. ஒருவர் பட்டு முடித்து அறிவிக்கும் தீர்ப்புகள் அவை. அளக்கும் அடை, தீர்க்கும் அடை என்று இவற்றை நம் வசதிக்காகப் பிரித்துக்கொள்ளலாம். முன்னது படிப்பவரின் உடலுக்கு வேலை தருகிறது. பின்னது அவ்வேலையை அவருக்கு முன்பே செய்து முடித்துவிடுகிறது.

தீர்ப்புச் சொற்களும் இப்பாடலில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவை யார் வாயில் இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். காடு கொடியது என்பது தலைவன் கூற்று. புலவர் தம் பெயரால் அதனைச் சொல்லவில்லை. தலைவியும் தன் பொறுப்பில் சொல்லவில்லை. அவன் அவ்வாறு கூறினான் என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். அதனையடுத்து அவன் கூறிய மற்றொன்றையும் எடுத்து வைக்கிறாள். இரண்டும் அவன் சொற்களே. ஆனால் தன் நம்பிக்கையைத் தலைவி எதன்மேல் வைக்கிறாள்? இத்தகைய விலங்குகளையும் பறவைகளையும் காணும் ஒருவர் என் அழகை வாடவிட மாட்டார் என்று முடிக்கிறாள். களிறு பிடிக்கு நீர் ஊட்டுவதை வழியில் கண்டவன் தன் துணையை நினையாது போவானோ என்பது அவள் வாதம். இவ்வாதம் தீர்ப்புச் சொற்களிலிருந்து பிறக்க இயலாது. ‘காடு நெருப்பைப் போன்றது’ என்பதிலிருந்து பெறத்தக்க முடிபு அவன் துன்புறுவான் என்பதே. வேண்டுமானால் வராமலும் போகலாம் என்பது. உடல் நிகழ்ச்சியிலிருந்தோ, வெயில் எத்துணைக் கடிது என்பதும், அக்கடுமையிலும் ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு என்ன செய்கிறது என்பதும் ஒருங்கே கிடைக்கின்றன. வெயிலின் அளவு கூடக்கூட அன்பின் அளவும் கூடுகிறது. ஒரே செயலில் இரண்டும் அமைந்துவிட்டன.

அவள் முடிக்கும் இடமும் உடலில்தான். வீட்டுப் பல்லி நன்னிமித்தமாக ஒலிக்கிறது. அவளுடைய இடக்கண் துடிக்கிறது. காட்டில் தொடங்கிய பாடல் ஓர் இமையின் துடிப்பில் வந்து நிற்கிறது. நிமித்தத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பாடல் முழுவதும் உடல்களையே சான்றாகக் கொண்டு வாதிட்ட ஒருத்தி தன் உடலையும் இறுதிச் சான்றாக நிறுத்துகிறாள் என்பதைக் கவனிக்காமல் இருக்கமுடியவில்லை.

தமிழ் இலக்கணம் இதற்கு வழங்கும் சொல் நம்மிடமே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வது உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்கிறது. நகை முதல் உவகை ஈறாக எட்டு வகுக்கிறது. வெயில் அவ்வெட்டனுள் ஒன்றன்று. ஆயினும் கோட்பாட்டின் திசை அதுவே. அச்சம் என்று சொன்னால் அச்சம் தோன்றாது. நடுக்கமும் வியர்ப்பும் காட்டினால் தோன்றும். வெம்மை என்று சொன்னால் வெம்மை தோன்றாது என்பது அதன் கிளை.

நாம் ஆய்வு மாணவராக வெளிநாட்டில் இருந்தபோது ஒரு கருத்தரங்க வகுப்பில் இப்பாடலின் பொருளை ஆங்கிலத்தில் எடுத்துரைத்த நாள் நினைவுக்கு வருகிறது. வெளியே பனி. கேட்டவர்களில் ஒருவரும் நாற்பது பாகை வெயிலைக் கண்டவரல்லர். நெருப்பைப் போன்ற காடு என்றபோது குறிப்பெடுத்தார்கள். கலங்கிய நீரைப் பிடிக்கு ஊட்டிவிட்டுக் களிறு காத்திருந்தது என்றபோது எழுதுகோல்கள் நின்றன. ஒரு மாணவி தன் மேசைமேலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் தன்னையறியாமல் கையிலெடுத்தாள். அவள் குடிக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 9.4.1998 அன்று காணப்பட்ட 40.1 பாகை செல்சியஸ். எல் நினோ வலுத்திருந்த 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெயிலின் கடுமையால் பள்ளிகளை மூட நேர்ந்தது. மலேசிய வானிலைத் துறை, பகல் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகை வரை இருப்பின் அதனை முதல்நிலை எச்சரிக்கையாகக் கொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வெயில் காலங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இம்முதல்நிலையும் அதனை ஒட்டியும்தான். எண்ணை மட்டும் நோக்கினால் இராமநாதபுரத்தாரோ மதுரையாரோ சிரிப்பர்.

சிரிக்கத் தேவையில்லை, இது வேறு வெயில். வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால் அதன் அளவு குறையும். நம் தோலும் வியர்வையும் செய்யும் வேலை இதுவே. காற்றில் ஈரப்பதம் 15 விழுக்காடு மட்டுமே உள்ள வறண்ட ஊரில் 42 பாகை வெயிலில் இவ்வீரத்துணி வெப்பமானி ஏறத்தாழ 22 பாகைக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் 60 விழுக்காடு உள்ள நம் ஊரில் 35 பாகை வெயிலில் அது 28 பாகை அளவிலேயே நின்றுவிடும். வெயிலின் எண் குறைவு; ஆனால் உடல் தன்னைத் தணித்துக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. பாலையில் வியர்வை தோன்றிய உடனே போய்விடும். நா வறளும், உதடு வெடிக்கும். இங்கே வியர்வை போவதில்லை. முதுகில் இறங்குகிறது, முழங்கை வழியே தேர்வுத்தாளில் சொட்டுகிறது, இரவில் தலையணையில் தங்குகிறது.

ஆகவே பாலைத்திணையின் உடற்குறிப்புகளை அப்படியே எடுத்து கோலாலம்பூருக்குப் பொருத்தினால் கவிதை பொய்யாகிவிடும். மலேசியத் தமிழ்க் கவிதைப் போட்டிகளுக்கு வரும் படைப்புகளில் இப்பொய்யை நாம் அடிக்கடி காண்கிறோம். வெடித்த நிலம், வறண்ட நா, கானல்நீர் எல்லாம் வருகின்றன. வெளியே பார்த்தால் சாலையோரப் புல் பச்சையாகவே இருக்கிறது. நூல்வழிப் பெற்ற வெயில் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச்சு மாத இறுதியில், இதே கலித்தொகைப் பாடலை நடத்தி முடித்தபின், வெயிலைப் பற்றி எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்தோம். கிள்ளானிலிருந்து நாள்தோறும் கம்யூட்டர் தொடர்வண்டியில் வரும் மாணவர் ஒருவர் கொடுத்த முதல் வரைவு இது:

கொளுத்தும் வெயில்! கொடூர வெப்பம்!
அனல் கக்கும் வானம்! தகிக்கும் சாலை!
வறண்ட நாவோடு
வாடுகிறது நம் நகரம்!

பாடலைப் படித்த மறுவாரமே இப்படி எழுதியிருக்கிறாரே என்று எமக்குச் சிறிது சலிப்பு உண்டாயிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சலிப்பால் பயனில்லை. நான்கு வரிகளில் ஒரு மனிதரும் இல்லை என்பதை முதலில் சுட்டினோம். ‘வாடுகிறது’ என்பதற்கு எழுவாய் நகரம். நகரத்துக்குத் தோல் இல்லை. பின்னர், “காலையில் வரும்போது உங்கள் நா வறண்டதா?” என்று கேட்டோம்.

“இல்லை ஐயா. கண்ணாடிதான் மறைத்தது.”

“எந்தக் கண்ணாடி?”

“மூக்குக்கண்ணாடி ஐயா. கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியாது.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. குளிரூட்டிய பெட்டியில் கண்ணாடியின் வில்லை 22, 23 பாகைக்குக் குளிர்ந்திருக்கும். வெளியே உள்ள காற்று 35 பாகையும் 60 விழுக்காடு ஈரமும் கொண்டதாயின், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின் மீதும் அதன் ஈரம் படியும். வறண்ட பாலையில் இது நிகழாது; அங்கே அந்த வில்லை தெளிவாகவே இருக்கும். இம்மண்ணின் வெயிலுக்கே உரிய உடற்குறிப்பு அது. எந்த நூலிலிருந்தும் அவர் எடுத்ததன்று. அதிலிருந்து தொடங்குமாறு கூறினோம்.

இரண்டாம் வரைவு நீண்டு வந்தது. கண்ணாடி மறைத்தது, தலை வலித்தது, கால் தளர்ந்தது, கண் இருண்டது, தொண்டை கரகரத்தது என்று ஒரே உடலில் ஐந்தாறு குறிப்புகள். இது மற்றொரு வகைப் பிழை. மருத்துவமனைச் சீட்டைப் போலாகிவிடும். பெருங்கடுங்கோவின் களிறு காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, கலை நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்பதை நினைவூட்டினோம். ஓர் உடலுக்கு ஒரு செயல் போதும். அடுத்து, ‘அப்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?’ என்று மட்டும் கேட்டு அனுப்பினோம்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு மாணவர்களை ஒரு நண்பகலில் அழைத்துச் சென்றதும் அவ்வாரத்தில்தான். மார்ச்சு இறுதியில் கோலாலம்பூரில் கதிரவன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 1.20-க்கு. அந்நேரம் பாதையில் நின்றால் நம் நிழல் நம் காலணிக்குள் ஒளிந்துகொண்டதுபோல் இருக்கும். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலின் அருகே நின்று, வெறுங்காலுடன் வெளியே வருவோரின் நடையை மட்டும் பார்க்கச் சொன்னோம். வேறொன்றையும் குறிக்கவேண்டாம் என்றோம். மூதாட்டி ஒருவர் குதிகாலை ஊன்றாமல், பாதத்தின் வெளி விளிம்பால் நடந்து காலணி இருந்த இடத்தை அடைந்தார். இளைஞர் ஒருவர் ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை. தைப்பூச ஊர்வலத்தில் தார்ச்சாலையில் வரும் அன்பர்கள் சாலையின் வெண்கோட்டின்மேலே அடி வைத்து நடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தாரைவிட அக்கோடு சூடு குறைந்தது. பாதம் பொறுக்கும் அளவு என்று கலித்தொகைத் தலைவன் கூறியதற்கு அந்தக் கோடுதான் நம் ஊர் உரை. அவன் அதனைத் தீர்ப்பாகச் சொன்னான். கோட்டைத் தேடும் பாதம் அதனையே செயலாகக் காட்டுகிறது.

மாணவரின் மூன்றாம் வரைவு பின்வருமாறு அமைந்தது. அவர் இசைவுடன் இங்கே தருகிறோம்:

கம்யூட்டர் கதவு திறந்ததும்
என் கண்ணாடி வெள்ளையாயிற்று.
துடைக்க எடுத்த சட்டை நுனி
என்னைவிட ஈரம்.

வீட்டில் இந்நேரம் அம்மா
மேசை விசிறியின் தலையைச்
சுழலவிடாமல் பிடித்து
ஆயாவின் பக்கம் திருப்பியிருப்பார்.
பிறகு சுவரில் சாய்வார்.
எழுந்து போன பின்னும்
அவர் முதுகு சுவரிலேயே இருக்கும்,
சற்று நேரம்.

எவ்வளவு கொடிய வெயில் இது!

குறைகள் இல்லாமலில்லை. முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே பாய்ச்சல் சற்று அதிகம். ‘என்னைவிட ஈரம்’ என்பது வேடிக்கையை நோக்கிச் சாய்கிறது. ஆயின் விசிறியின் தலையைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கை, காற்று தன்மேல் படாத இடத்தில் சென்று சாயும் அந்த முதுகு, சுவரில் காயாமல் நிற்கும் வியர்வை வடிவம் ஆகியவை இந்நிலத்து வெயிலை அளக்கின்றன. வறண்ட ஊரில் சுவரில் முதுகின் ஈரம் தங்காது. பட்ட உடனே உலர்ந்துவிடும். கலைமானை நினைந்து இதை எழுதினீரா என்று கேட்டோம். இல்லை, அம்மா எப்போதும் அப்படித்தான் என்றார்.

இறுதி வரியைப் பற்றி நெடுநேரம் பேசினோம். அதனை நீக்கிவிடலாம் என்றோம் நாம். நீக்கினால் இது வெயிலைப் பற்றியது என்று படிப்பவர்க்கு எப்படித் தெரியும் என்றார் அவர். நியாயமான அச்சமே. முதல் தலைமுறைக் கவிஞர்களும் அந்த அச்சத்தினால்தான் தீர்ப்பை இறுதியில் எழுதி வைக்கிறார்கள். ஆனால் சுவரில் முதுகு தங்கிய பின் ‘கொடிய’ என்னும் சொல்லைக் கேட்பவர் சுவரிலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறார், உணர்ந்துகொண்டிருந்தவர் ஒப்புக்கொள்பவராகிவிடுகிறார். கலித்தொகைத் தலைவி தீர்ப்பை முன்னே வைத்தாள், பிறர் வாயில் வைத்தாள், அதன்பின் யானையைக் காட்டினாள் என்று மீண்டும் பாடலுக்கே சென்றோம்.

மறுநாள் அவர் கொண்டுவந்த படியில் இறுதி வரி இல்லை. அதற்கு ஈடாகத் தலைப்புக்குக் கீழே, கம்யூட்டர் கதவு திறப்பதற்கு முன்னால், ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: ‘முப்பத்தைந்து என்கிறது வானொலி.’